பொருள்: ஃபெஞ்சல் புயலில் பறந்துபோன 3 சோலார் பேனல்களும், தவறாகப் பொருத்தப்பட்டு இன்னும் மாடியில் நிற்கும் 3 பேனல்களும் - இறுதிப் புகார்

கோட்டக்குப்பம்
20.01.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. ஏழு வாரமாகிறது. இன்றுவரை உங்கள் ஆள் ஒருவர்கூட என் மாடிப்படி ஏறவில்லை.

2024 ஏப்ரலில், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், உங்கள் 540 வாட் பேனல்கள் ஆறை மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் என் மாடியில் பொருத்தினீர்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, கடலைப் பார்த்த வரிசையில் இருந்த மூன்றும் பறந்துவிட்டன. இரண்டு பக்கத்துத் தென்னந்தோப்பில் நொறுங்கிக் கிடந்தன. ஒன்று தெருவில் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அந்த இடத்தில் ஆள் நின்றிருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தை வேறு யாருக்கோ எழுதிக்கொண்டிருப்பேன்.

முதலில் தொலைபேசியில் பேசிய உங்கள் சேவை அலுவலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. பேனல் பின்பக்கத்திலிருந்து எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதற்கான சோதனை அறிக்கையைத்தான் நான் கேட்டேன். அவர் அனுப்பியது ஆலங்கட்டிச் சோதனைச் சான்றிதழ்! திரும்பக் கூப்பிட்டால், "சார், அதுலயே இருக்கே, 23 மீட்டர் ஸ்பீடு வரைக்கும்தான் டெஸ்ட் பண்ணியிருக்கு. புயல் அதைவிட வேகம். வாரண்டி வராது" என்றார். 25 மி.மீ. பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் கண்ணாடியின் மேல் பதினோரு இடத்தில் எறிந்து பார்க்கும் சோதனை அது. 23 மீட்டர் என்பது உருண்டையின் வேகம், காற்றின் வேகம் அல்ல. கண்ணாடி உடையுமா என்பதற்கும் பேனல் கழன்று பறக்குமா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை நான் பொறுமையாக விளக்கியபோது, "நீங்க இன்ஜினியரா நான் இன்ஜினியரா? காத்து அடிச்சா பறக்கத்தான் செய்யும், கடவுள்கிட்ட கேளுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். பொதுப்பணித்துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டு மனிதர்கள் முன்னால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

விற்கும்போது உங்கள் விற்பனையாளர் "5400 பாஸ்கல் சார், எந்தப் புயலும் ஒண்ணும் பண்ணாது" என்றார். 5400 என்பது முன்பக்கத்தில் மேலிருந்து அழுத்தும் சுமை. பனி கொட்டும் ஊர்களுக்காகச் சொல்லப்படும் எண் அது. கோட்டக்குப்பத்தில் பனி பெய்யாது. புயல் பேனலை அழுத்துவதைவிடக் கீழிருந்து தூக்கித்தான் பிடுங்குகிறது. அதற்கு உங்கள் டேட்டாஷீட்டில் உள்ள பின்பக்க எண் 2400 பாஸ்கல். ஐ.இ.சி. 61215 சோதனையில் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்ந்தே இருப்பதால், வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 1600 பாஸ்கல்தான்.

அந்த 1600-ம் சும்மா கிடைக்காது. உங்கள் பொருத்தும் கையேட்டின் அட்டவணையைப் பாருங்கள். பேனலின் நீளப் பக்கத்தில், முனையிலிருந்து ஏறக்குறைய கால்பாகம் உள்ளே தள்ளி, குறுக்கே ஓடும் இரண்டு ரெயில்களின் மேல் கிளாம்ப் போட்டால்தான் 2400. குட்டைப் பக்கத்தில் போட்டால் சோதனைச் சுமையே 1600. ஒன்றரையால் வகுத்தால் 1067. என் வீட்டில் என்ன செய்திருக்கிறார்கள்? பேனலைப் படுக்கவைத்து, ரெயிலையும் அதே நீளவாக்கில் ஓடவிட்டு, கிளாம்புகள் எல்லாவற்றையும் குட்டைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். "இப்படிப் போட்டா ரெயில் கம்மியா ஆகும் சார்" என்று பொருத்த வந்த தம்பி அன்றைக்கே சொன்னார். அது மிச்சம் பிடிக்கிற வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இதற்குள் நீங்கள் "புயல் இயற்கைச் சீற்றம்" என்று பதில் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். அதனால் கணக்கையும் போட்டுத் தருகிறேன். ஃபெஞ்சல் கரையேறியபோது காற்று அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கம் பெருக்கல் 0.6. ஆக 375 பாஸ்கல். மாடி ஓரத்தில் உறிஞ்சல் கூடும் என்று தோராயமாக ஒன்றரை மடங்கு வைத்தாலும் 560. தவறாகப் பொருத்திய பேனல்கூட 1067 தாங்க வேண்டுமே, 560-க்கு எப்படிப் பறந்தது? ஒரு பேனல் 2.58 சதுர மீட்டர். மொத்த இழுவை கிட்டத்தட்ட 150 கிலோ. நான்கு கிளாம்புக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 40 கிலோகூட வரவில்லை. நம் கரைக்கு இந்த அளவு காற்று வருவது அதிசயமில்லை. சென்னைக்கு அதே ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். ஃபெஞ்சல் அதில் பாதி. வேகம் பாதி என்றால் அழுத்தம் கால்வாசி!

விடை மாடியிலேயே கிடந்தது. வரிசையின் தென்கிழக்கு முனையில் ரெயிலோடு ஒட்டிக்கொண்டிருந்த எண்ட் கிளாம்பை ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரம் 35 மி.மீ. உங்கள் பேனலின் ஃபிரேம் 30 மி.மீ. நடுவில் இருந்த 5 மி.மீ. இடைவெளிக்கு யாரோ ஒரு கறுப்பு ரப்பர் துண்டை வெட்டித் திணித்து, அதன்மேல் போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். ஏழு மாத வெயிலில் அந்த ரப்பர் நசுங்கி, விரலால் கிள்ளினால் உதிர்கிற மாதிரி ஆகிவிட்டது. ரப்பர் தளர்ந்தால் போல்ட்டின் இறுக்கமும் போச்சு. நொறுங்கிய முதல் பேனலின் ஃபிரேமில், கிளாம்ப் உருவிக்கொண்டு போன கீறல் மூன்று மி.மீ. அகலத்துக்குமேல் இல்லை. அவ்வளவுதான் அது பிடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது தொடர்விழுகைதான். மிட் கிளாம்ப் இரண்டு பேனலுக்கும் பொது. ஒரு பக்கம் பேனல் போனதும் அது சாய்ந்து மறுபக்கத்தையும் விட்டுவிடுகிறது. ரெயிலில் மீதியிருந்த மிட் கிளாம்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் படத்தில் பார்க்கலாம். 2017-ல் இர்மா, மரியா புயல்களில் கரீபியத் தீவுகளின் சோலார் அமைப்புகள் அழிந்தபோதே, மேலிருந்து பிடிக்கும் கிளாம்புகளின் இந்தக் குறையை எழுதிவைத்துவிட்டார்கள். பேனல் விற்கும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்குமா?

டிசம்பர் 17 அன்று அந்தக் கிளாம்பையும் ரப்பரையும் ஒரு டப்பாவில் போட்டு, காலை ஐந்தரை பஸ்ஸில் உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்தேன். வரவேற்பில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்து, "டெக்னிக்கல் டீம் இங்க இல்ல, டீலரைப் பாருங்க" என்றார்கள். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டீலரோ "பேனல் கம்பெனியோடது, கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். 61 வயதில், மழையில், மூட்டுவலியோடு போய் வந்தவன் நான். உங்களிடம் மரியாதையாகத்தான் கேட்கிறேன், அன்று யாராவது ஒருவர் அந்த டப்பாவைத் திறந்திருக்கக் கூடாதா?

பேனல், மின்கட்டணம், அலைச்சல், நொறுங்கிய கண்ணாடி விழுந்த தோப்புக்காரருக்குக் கொடுத்தது, என் மனைவியின் தூக்கம் என்று எல்லாம் சேர்த்தால் எனக்கு மூன்று லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது மாடியில் மீதி நிற்கும் மூன்று. அவையும் அதே குட்டைப் பக்கக் கிளாம்பில்தான் நிற்கின்றன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையில் மணிக்கு 140 கி.மீ. வரை அடித்தது, விநாடிக்கு 39 மீட்டர். அதே கணக்கில் 1370 பாஸ்கல், பேனலுக்கு 360 கிலோ இழுவை. 1067-ஐத் தாண்டிவிடுகிறது. இன்னொரு தானே வந்தால் கிளாம்ப் சரியான உயரத்தில் இருந்தாலும் பேனல் தாங்காது. ஃபிரேம் வளைந்து நழுவும், இல்லையென்றால் கண்ணாடி போகும்.

ஆகவே நான் கேட்பது இது. பறந்த மூன்று பேனல்களையும் மாற்றித் தாருங்கள். ஆறு பேனலுக்கும் ரெயிலைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு, நீளப் பக்கத்தில் கையேடு சொல்லும் இடத்தில் தாங்குமாறு செய்யுங்கள். கிளாம்புக்குப் பதிலாக, ஃபிரேமின் அடியில் நீங்களே போட்டிருக்கும் துளைகள் வழியாக ஒவ்வொரு பேனலையும் தனித்தனியே 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர், நைலான் வைத்த லாக் நட் போட்டு முடுக்குங்கள். அப்படிச் செய்தால் ஒன்று போனாலும் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகாது. டார்க் ரெஞ்ச் கொண்டுவரச் சொல்லுங்கள். போன முறை வந்தவர்களிடம் சாதாரண ஸ்பானர்தான் இருந்தது. முடித்த பிறகு, பின்பக்கச் சுமைக் கணக்கை உங்கள் பொறியாளர் கையெழுத்தோடு எனக்கு எழுத்தில் தர வேண்டும். பாதித் திருத்தமாக, மாடியில் நிற்பவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய மூன்றை மட்டும் மாட்டிவிட்டுப் போவதை ஏற்க மாட்டேன்.

உங்கள் பேனல் மோசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வெயில் நாளில் பதினைந்து யூனிட் வரை கொடுத்தது, அதில் எனக்குத் திருப்திதான். பொருத்தியதுதான் தவறு, பொருத்தியவர் நீங்கள் அனுப்பிய ஆள். நல்லபடியாகப் பேசி முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் தொழில்நுட்ப ஆள் என் மாடிக்கு வரவில்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. அந்த அலுவலர் "கடவுள்கிட்ட கேளுங்க" என்று சொன்ன அழைப்பின் பதிவு என்னிடம் இருக்கிறது.

ரசீது, கையேட்டின் அட்டவணைப் பக்கம், கிளாம்பை ஸ்கேலோடு எடுத்த படம், சாய்ந்த மிட் கிளாம்புகளின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கிளாம்பையும் ரப்பர் துண்டையும் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்து பாருங்கள். காலை பத்து மணிக்குமேல் எப்போதும் வீட்டில் இருப்பேன், வருவதற்கு முன் ஒரு போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம்