எட்டாவது கோடு

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் தாதியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது தொடை ரத்த நாளத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் உறைந்துவிட்டது. இனாக்ஸாபரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசியை மூன்று மாதத்துக்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வீட்டிலேயே போடச் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. நான் எழுதும் விஷயம் எந்த வார்டிலும் நடக்கக்கூடியது.

கணக்கு எளிதுதான். இரண்டு மாதத்தைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். (பக்கத்துக் கட்டிலில் இருந்த பச்சிளம் குழந்தைக்கு கிலோவுக்கு ஒன்றரை என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம். அவ்வளவு சின்னப் பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுமாம்.) என் மகள் 8.2 கிலோ, எனவே வேளைக்கு 8 மில்லிகிராம். ஆனால் கடையில் வரும் மிகச் சிறிய ஊசியில் 20 மில்லிகிராம் இருக்கிறது, அதன் உடலில் அளவுக் கோடே கிடையாது. அதனால் அதிலிருக்கும் மருந்தை இன்சுலின் ஊசிக்கு மாற்றி எடுக்கக் கற்றுத்தந்தீர்கள். மருந்து மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம், இன்சுலின் ஊசியில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆக ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிகிராம். கெட்டிக்காரத்தனமான வழி, குறை சொல்லவில்லை. குறை அடுத்த வாக்கியத்தில் இருந்தது. 'எட்டாவது கோடு வரைக்கும் இழுங்க' என்றார் தாதி. என் மாமியார் அதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஊசி எங்கள் கையில், இரவு ஊசி பல நாள் மாமியார் கையில். மூன்றாவது வாரம் வார்டில் தந்த ஊசிகள் தீர்ந்தன. வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் 'இன்சுலின் ஊசி' என்று கேட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அன்று இரவு அறையிலிருந்து குரல் வந்தது: "மாப்பிள்ளை, இங்க வந்து பாருங்க. பழைய ஊசில பத்துக்கு ரெண்டு கோடு முன்னாடியே நிறுத்துவேன். இதுல எட்டாவது கோடு பத்தைத் தாண்டிப் போகுதே?"

வாங்கிப் பார்த்தேன். வார்டில் தந்தது அரை மில்லிலிட்டர் ஊசி, கோட்டுக்கு ஒரு யூனிட். நான் வாங்கியது ஒரு மில்லிலிட்டர் ஊசி, கோட்டுக்கு இரண்டு யூனிட். எட்டாவது கோடு என்றால் 16 மில்லிகிராம். சரியாக இரட்டிப்பு. அவர் கோட்டை மட்டும் எண்ணாமல், பத்து என்ற எண் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துப் பழகியிருந்தார். அதனால் தப்பித்தோம். 0.3 மில்லிலிட்டர் ஊசி ஒன்றும் உண்டு, அதில் சில வகைகளில் ஒரு கோடு அரை யூனிட்தான். அது கைக்கு வந்திருந்தால் பாதி மருந்துதான் போயிருக்கும், உறைவு வளர்ந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

எனவே முதல் கோரிக்கை இதுதான். 'கோடு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தாளில் 8 மில்லிகிராம் என்றும் 0.08 மில்லிலிட்டர் என்றும் எழுதுங்கள், ஊசியின் படத்தைப் போட்டு அடைப்பான் நிற்க வேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டுங்கள். '8 யூனிட்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஹெப்பாரினுக்கே தனி யூனிட் கணக்கு உண்டு, அதில் இந்த 8 மில்லிகிராம் 800 யூனிட். பார்க்கும் இன்னொரு மருத்துவர் குழம்பிப்போவார். மூன்று மாதத்துக்கும் ஒரே வகை ஊசியை நீங்களே கொடுங்கள், கடையில் வாங்கவிடாதீர்கள். அப்புறம் அந்தத் தாள் தமிழிலும் இருக்கட்டும். இரவில் ஊசி போடுகிறவர் தமிழ் முரசு படிப்பவர், ஆங்கிலத் தாளை அல்ல.

காற்றுக் குமிழியிலும் இதே சிக்கல். முழு ஊசியை அப்படியே போடும் பெரியவர்களுக்குக் குமிழியை வெளியேற்ற வேண்டாம் என்று சொல்வார்கள், பெட்டிக்குள் இருக்கும் தாளும் அதையே சொல்கிறது. ஆனால் மாற்றி எடுத்த ஊசியில் குமிழி இருந்தால் அது மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டு யூனிட்டில் ஒரு யூனிட் குமிழி என்றால் எட்டில் ஒரு பங்கு மருந்து போகவில்லை என்று பொருள். இரண்டு பேச்சையும் கேட்ட என் மனைவி ஒரு வாரம் குமிழியோடுதான் போட்டிருக்கிறாள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மருந்து போதுமா என்று பார்க்கும் 'ஆன்டி டென் ஏ' சோதனைக்கு ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து, ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். 0.5க்கும் 1.0க்கும் இடையில் இருந்தால் சரி. எங்களுக்கு வந்த முதல் சந்திப்பு நேரம் காலை ஒன்பதரை. நாங்கள் ஊசி போடுவது எட்டு மணிக்கு. ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த ரத்தம் எதையும் சொல்லாது. படிவத்தில் ஊசி போட்ட நேரத்தை எழுத இடமும் இல்லை. நல்லவேளையாக ரத்தம் எடுத்த பெண் கேட்டார், "கடைசி ஊசி எப்போங்க?" பன்னிரண்டரை வரை காத்திருந்து எடுத்தோம். 0.41 வந்தது. பத்து சதவீதம் கூட்டி 9 மில்லிகிராம் ஆக்கினார்கள், அடுத்த சோதனையில் 0.63.

இரண்டு மாதம் கழித்து அதே 9 மில்லிகிராமுக்கு 0.47தான் வந்தது. மருந்து கெட்டுவிட்டதோ, சரியாகப் போடவில்லையோ என்று வீட்டில் ஒரே விசாரணை. தராசில் நிறுத்தியதும் விடை கிடைத்தது. நோயிலிருந்து தேறிய பிள்ளை 9 கிலோ ஆகியிருந்தாள். பழைய எடைக்கு 9 மில்லிகிராம் தாராளம், புதிய எடைக்கு இறுக்கம். 10 மில்லிகிராம் ஆனது. எடை போட்ட தேதியை அளவின் பக்கத்திலேயே அச்சிட்டால் பெற்றோரே கேட்பார்கள். இடைப்பட்ட வாரங்களில் பலதுறை மருந்தகத்தில் எடை மட்டும் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யவும் முடியும்.

ஊசி குத்தும் விதத்தை நன்றாகவே சொல்லித்தந்தீர்கள். தொடையின் வெளிப்பக்கம், தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, மருந்து முழுதும் இறங்கும் வரை விடாமல், எடுத்தபின் தேய்க்காமல். தேய்த்த நாள் மட்டும் ஐம்பது காசு அளவுக்கு நீலம் கட்டியது. ஆனால் கற்றுத்தந்தது வீட்டுக்குப் போகும் நாள் மதியம், ஒருமுறை, உப்புநீர் ஊசியோடு, மனைவிக்கு மட்டும். வீட்டில் யார் யார் கை ஊசியைத் தொடப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கி, உண்மையான வேளை மருந்தை உங்கள் கண் முன்னால் இரண்டு பேர் எடுத்துப் போடட்டும். மாமியாரையும் வரச்சொல்லுங்கள். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: இந்த ஊசியில் பத்து எங்கே?

இப்படிக்கு,
ஈசூன் அடுக்குமாடியிலிருந்து ஒரு தந்தை