வக்கீலின் பெயர்ப்பலகை கைபேசிக்கு வந்துவிட்டது: பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

22 ஆண்டுகளாக ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் சிவில் வழக்குகள், கொஞ்சம் செக் வழக்குகள், விபத்து இழப்பீட்டு மனுக்கள். போன மாதம் என் ஜூனியர் தன் பெயரில் செய்துவாங்கிய இணையதளத்தைக் கைபேசியில் காட்டி, "சார், வெளியிடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார். வழக்கறிஞர் விளம்பரத்தைத் தடுக்கும் விதி 36ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் வரி வரியாகப் பார்த்தோம். சில இடங்களில் விதி தெளிவாகப் பதில் சொன்னது. சில இடங்களில் எனக்கே பதில் தெரியவில்லை. அந்த இடங்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் தெளிவாக இருந்தவற்றைச் சொல்கிறேன். வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ வேலை தேடி விளம்பரம் செய்யக் கூடாது என்பதுதான் இந்திய பார் கவுன்சில் விதி 36. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், அறிமுகமில்லாதவரைத் தேடிப்போய்ப் பேசுவது, தான் நடத்தும் வழக்கைப் பற்றிச் செய்தியும் படமும் வரவைப்பது எல்லாமே அதில் அடங்கும். இணையதளத்துக்கு 2008இல் ஒரு விலக்கு வந்தது. பெயர், முகவரியும் தொடர்பு விவரமும், பதிவு எண், பதிவு தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம் என்ற விவரங்கள், படிப்பு, எவ்வகை வழக்குகள் நடத்துகிறார் என்பது. இவ்வளவைப் போடலாம். கொடுத்த விவரம் உண்மை என்ற உறுதிமொழியும் தர வேண்டும்.

ஜூனியரின் முகப்புப் பக்கத்தில் முதலில் கண்ணில் பட்டது "500+ வெற்றி வழக்குகள்". அவர் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. தளம் செய்துகொடுத்தவர் எல்லா வாடிக்கையாளருக்கும் போடுகிற வரியாம் அது. எடுத்துவிட்டோம். "குடும்ப வழக்கு ஸ்பெஷலிஸ்ட்" என்றிருந்ததை "குடும்ப வழக்குகள்" என்று மாற்றினோம். இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்று சொல்ல 2008 விலக்கு இடம் தருகிறது. அதில் தான் தனித்தேர்ச்சி பெற்றவர் என்று காட்டிக்கொள்வதைப் பெயர்ப்பலகையிலேயே விதி தடுத்திருக்கிறது. சங்கத்தின் பெயரைப் போடலாம், ஆனால் அவர் அதில் துணைச் செயலாளர் என்பதைப் போடக் கூடாது. அதையும் நீக்கினோம். ஜீவனாம்ச வழக்கில் வாங்கிய தீர்ப்பின் நகலைக் கட்சிக்காரர் பெயர் தெரிகிறபடி படமாக வைத்திருந்தார். தீர்ப்பு பொது ஆவணம்தானே என்றார். "அந்தப் பெண்ணின் அனுமதியைக் கேட்டாயா?" என்றேன். அவரே அழித்துவிட்டார். பதிவு தேதியும் உறுதிமொழியும் தளத்தில் எங்குமே இல்லை. சேர்த்தோம்.

இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கிக்கொண்டோம்.

கூகுள் வரைபடத்தில் ஏற்கெனவே அவர் பெயரில் ஒரு பதிவு இருந்தது. அவர் போட்டதில்லை, யாரோ ஒரு கட்சிக்காரர் இடம் குறித்திருக்கிறார். அதன் கீழே ஐந்து நட்சத்திரத்தோடு இரண்டு பாராட்டு, ஒரு நட்சத்திரத்தோடு ஒரு வசை. அந்த வசையை எழுதியவர் ஒரு வழக்கின் எதிர்த்தரப்புக்காரர். பதில் எழுதினால் வழக்கு விவரத்தைப் பொதுவில் பேச வேண்டியிருக்கும். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று பாரதிய சாட்சிய அதினியம் 132ஆம் பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. பதில் எழுதாமல் விட்டால் அந்த ஒற்றை நட்சத்திரம் அங்கேயே கிடக்கும். 2008 விலக்கு வழக்கறிஞர் தானே எழுதிவைக்கும் பக்கத்தை மனதில் வைத்து வந்தது. மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதும் பக்கத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இந்த விஷயத்தில் கடுமையாகவே உத்தரவிட்டது. இணையவழிப் பட்டியல் தளங்கள் மூலம் வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்குச் சொன்னது. விதிக்கு மாறான விளம்பரங்களை நீக்க வேண்டும், பிறர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப் பாதுகாப்பு அந்தத் தளங்களுக்குக் கிடைக்காது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை முழு மனதோடு வரவேற்கிறேன். அதன் தேவையை நேரில் பார்த்தவன் நான்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். கணவர் இருசக்கர வாகன விபத்தில் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மருமகன் கைபேசியில் தேடியிருக்கிறார். மேலேயே வந்தது ஒரு கட்டண விளம்பரம்: "விபத்து இழப்பீடு, ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்." அழைத்ததும் பேசியவர் வக்கீல் இல்லை, விவரம் வாங்குகிற ஆள். மறுநாள் வேறொருவர் வீட்டுக்கே வந்து வெற்று வக்காலத்தில் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு, வருகிற தொகையில் நான்கில் ஒரு பங்கு என்று பேசி முடித்துவிட்டார். வழக்கை நடத்தும் வக்கீலின் முகத்தை அந்த அம்மா ஐந்து மாதம் பார்க்கவேயில்லை. அழைத்தால் எண் மாறியிருக்கும். கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் கூட்டிவந்தபோது முதல் தகவல் அறிக்கை நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும்கூடக் கையில் இல்லை. எல்லாவற்றையும் அந்த ஆள் வாங்கிப் போயிருந்தார்.

அந்த விளம்பரத்தின் ஒரே வரியில் இரண்டு மீறல்கள் இருக்கின்றன. விளம்பரம் செய்ததே விதி 36க்கு எதிரானது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் விதி 20 தடுப்பது. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியவரை நம் ஊர்களில் புரோக்கர் என்போம். வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் சேர்க்கப்பட்ட 45ஏ பிரிவின்படி, நீதிமன்றம் தயாரிக்கும் தரகர் பட்டியலில் பெயர் ஏறியபின் அந்த வேலையைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. ஆனால் அந்தப் பட்டியல் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிற ஆளைத் தடுக்கும். கைபேசியில் நிற்கிற ஆளை எந்த வளாகத்திலிருந்து விலக்குவது?

அதனால்தான் என் ஜூனியரின் வரைபடப் பதிவையும் இந்தக் கட்டண விளம்பரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்கிறேன். இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு வழியைப் பட்டயக் கணக்காளர்கள் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள். தேடி வருபவர் தானே திறந்து பார்க்கும்படி இணையதளம் இருக்கலாம், கேட்காதவர் முன்னால் கொண்டுபோய்த் தள்ளக் கூடாது என்று அவர்களுடைய இன்ஸ்டிட்யூட் இணையதளங்களுக்கு வகுத்தது. 2008இல் ஆடிட்டர்களின் விளம்பரக் குறிப்புக்கு வழிகாட்டுதல் வந்தபோது எழுத்தளவு 14ஐத் தாண்டக் கூடாது என்பதுவரை எழுதினார்கள். எழுத்தளவுவரை போனது சிலருக்கு அதிகமாகப் படலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏனென்றால் தொழிலுக்குப் புதிதாக வந்த ஆடிட்டருக்கு எது சரி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதே அளவுகோலை நமக்கு வைத்துப் பார்க்கிறேன். வக்கீலின் பெயரைத் தட்டி ஒருவர் தேடும்போது முகவரியும் பதிவு எண்ணும் வந்தால் அது பெயர்ப்பலகை. பணம் கட்டி, "விவாகரத்து" என்று தட்டுகிற எவர் முகத்திலும் வந்து நிற்பது வேலை தேடுவது. நட்சத்திரத்தை யாரோ போட்டால் அதற்கு வக்கீல் பொறுப்பில்லை. கட்சிக்காரருக்கு இணைப்பை அனுப்பி "ஐந்து ஸ்டார் போடுங்க அம்மா" என்று கேட்டால் பொறுப்புதான்.

இனி ரீல்ஸ். இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. செக் திரும்பியது பற்றி நோட்டீஸ் வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே வராது என்பதைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்கிற வக்கீல் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றுகிறார். வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது என்று சொல்கிறவரும் அப்படித்தான். இதை நீங்கள் தடுத்தால் நஷ்டம் மக்களுக்கு. ஆனால் அதே காணொளியின் முடிவில் "உடனே அழையுங்கள்" என்று எண் வரும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. வாய்தா முடிந்து வெளியே வந்து அன்றைய வழக்கைப் பற்றிப் பேசுவதும், கவுனையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையையும் போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்று எடுக்கிற படமும் சந்தேகத்துக்கே இடமில்லாத மீறல்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் அந்த உடை கூடாது என்று தனி விதியே இருக்கிறது. விதியை மாற்றாமலே இந்த வகைப் பதிவுகள் மீது இன்றே நடவடிக்கை எடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விதியே மாற வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறையில் கட்டணத்தைப் பொதுவில் அறிவிக்க இடம் இருக்கிறது. நம் 2008 விலக்கில் கட்டணம் என்ற சொல்லே இல்லை. முதல் ஆலோசனைக்கு எவ்வளவு என்று தெரியாத பயத்தில்தான் அந்த அம்மாவின் மருமகன் "ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்" என்ற வரியைத் தொட்டார். ஆலோசனைக் கட்டணத்தை ஒற்றை வரியில், தள்ளுபடி, இலவசம் என்ற சொற்கள் இல்லாமல் போட அனுமதிக்கும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு நீங்கள் பரிந்துரைக்க வேண்டும். மூத்தவர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். அவர்களுக்குக் கட்சிக்காரர் தானாக வருகிறார். நான்கு வருட ஜூனியருக்கு அப்படி இல்லை.

உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, தமிழில் ஒரு பக்க அறிவிப்பு. வரைபடப் பதிவு, நட்சத்திரம், கட்டண விளம்பரம், ரீல்ஸ், வாட்ஸாப் ஆகியவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று உதாரணத்தோடு இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே அதையும் கையில் கொடுங்கள். இரண்டு, இணையதளத்தை வெளியிடும் முன் அனுப்பினால் பார்த்துச் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் கண்டனம், தற்காலிக நீக்கம், பெயரையே பட்டியலிலிருந்து எடுப்பது என்று தண்டனைகள் இருக்கின்றன. எது தவறு என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்புவது நியாயமாகாது.

ஜூனியரின் தளம் இன்னும் வெளிவரவில்லை. வரைபடப் பதிவைத் தன் பெயரில் உரிமை கோரலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று காத்திருக்கிறார். உங்கள் பதில் வந்ததும் அதன்படி செய்துகொள்வார்.

மரியாதையுடன்,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்