பொங்கல் வாழ்த்து உறையின் முகவரி

சென்னை,
மார்கழி 20.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் நேற்று கிடைத்தது. மயிலாப்பூரில் கூட்டுக் குடும்பமாக வாழும் உன் பெரியம்மா வீட்டிற்குப் பொங்கல் வாழ்த்து அனுப்ப வேண்டும், உறையின் மேல் யார் பெயரை எழுதுவது என்று கேட்டிருக்கிறாய்.

அங்கே இருப்பவர்களில் பெரியம்மாவே மூத்தவர் என்பதால், முதல் வரி அவருடையது. மகன்கள் சம்பாதிக்கிறார்கள் என்பதற்காக அவரைக் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிடாதே. மகன்கள் இருவரின் பெயரையும் எழுது, அல்லது இருவர் பெயரையுமே விட்டுவிடு. ஒருவரை மட்டும் எழுதினால், மற்றவரின் மனைவி கண்ணில்தான் அது முதலில் படும். மூத்தவர் மருத்துவர் ஆகையால் 'திருவாளர்கள்' என்று இருவரையும் சேர்த்து எழுத முடியாது. 'மருத்துவர்' என்பதே அவருக்குப் போதுமான அடைமொழி, அதற்கு முன் 'திரு' வேண்டாம்.

தலைப்பெழுத்தை மறக்காதே. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நம் வீடுகளில் இருவரையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் எழுத்துதான். ஒருமுறை நான் அதை எழுதாமல் ஒரு பெரியவருக்கு அனுப்பிய வாழ்த்தைக் கல்லூரியில் படிக்கும் பேரன் தனக்கு வந்ததென்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவர் அதைப் பார்த்தார். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

உறையை இப்படி எழுதலாம்:

திருமதி சிவகாமி அம்மாள் அவர்கள்,
மருத்துவர் சு. கதிரேசன், திரு. சு. மாணிக்கம்
மற்றும் குடும்பத்தினர்,
பழைய எண் 7, புதிய எண் 15, முதல் தளம்,
கோயில் தெரு, மயிலாப்பூர்,
சென்னை – 600 004.

ஆட்கள் முதலில், பிறகு கதவு எண், தெரு, பகுதி, கடைசியில் ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது வரிசை. தபால் பிரிப்பவர் கீழிருந்து மேலே படிப்பார். தபால்காரருக்கு மேல் வரிகள்தான் வேலை. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுவது நல்லது. வெறும் 15 என்றால், அதே தெருவில் பழைய எண் 15 ஆக இருந்த வேறொரு வீட்டு வாசலுக்கு உறை போய்விடக்கூடும். 'சென்னை – 4' என்று எழுதும் பழக்கம் உனக்கு இன்னும் இருக்கிறது. பின்கோடு 1972-இல் வந்தது. அதன் கடைசி மூன்று இலக்கங்களே பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்கின்றன, ஆகவே ஆறையும் எழுது. உன் முகவரியை இடப்பக்கம் கீழே சிறிய எழுத்தில் எழுதினால் போதும்.

ஒன்றை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள். ஒரே வாசலாக இருந்தாலும் அண்ணனும் தம்பியும் தனித்தனியே சமைக்கத் தொடங்கியிருந்தால், இரண்டு வாழ்த்து அனுப்பு. பெரியம்மா எந்த அடுப்பில் சாப்பிடுகிறாரோ அந்த உறையில் அவர் பெயர் முதலில் வரட்டும். வேலைக்குப் போகும் மூத்த பேரனுக்கும் தனியாக ஒன்று அனுப்பினால் மகிழ்வான். பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை உள்ளே, வாழ்த்துக்குக் கீழே எழுதிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்.