கிராம சபை அறிவிப்பைக் காதில் விழும்படி எழுதித் தர வேண்டி மனு

அனுப்புநர்:
ஒலி-ஒளி அமைப்பாளர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: கிராம சபைக் கூட்ட அறிவிப்பின் வாசகத்தை மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊராட்சியில் சென்ற கிராம சபைக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தவன் நான்தான். ஆகவே இந்த மனுவில் உள்ள குறையில் பாதி என்னுடையது.

என் கையில் தரப்பட்ட தாளில் இருந்தது ஒரே வாக்கியம். எழுபத்து நான்கு சொற்கள். ‘கிராம ஊராட்சி நிர்வாகம் மற்றும் பொதுநிதி செலவினம்’ என்று தொடங்கி, பொருள்களையெல்லாம் அடுக்கி, நாள், நேரம், இடம் சொல்லி, கடைசியில்தான் ‘கிராம சபைக் கூட்டம் நடைபெற உள்ளது’ என்று முடிந்தது. தாளில் படிப்பவருக்கு அது பிழையில்லை. ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஓடும் வண்டியில் அந்தக் கடைசி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆட்டோ ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. எங்கள் தெருக்களில் வீட்டுக்கு முன்னால் ஐம்பது மீட்டர், தாண்டி ஐம்பது மீட்டர் வரைதான் பேச்சு தெளிவாக இருக்கும். அதற்கு மேல் வெறும் இரைச்சல். ஆக, ஒரு வீட்டுக்குக் கிடைப்பது பதினெட்டு வினாடி. நிதானமாக வாசித்தால் அதற்குள் ஏறத்தாழ 27 சொற்கள் சொல்லலாம். எழுபத்து நான்கில் மூன்றில் ஒரு பங்குதான் எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்தப் பங்கு என்பது அந்த வீட்டின் அதிர்ஷ்டம்.

நேரம் ‘பத்தரை’ என்று இருந்தது. இரண்டு பக்கமும் சுவர் உள்ள சந்தில் எதிரொலி சேரும்போது சொல்லின் முதல் எழுத்து மங்கிவிடும். ‘பத்தரை’யும் ‘எட்டரை’யும் ஒன்றுபோலவே கேட்கும். மேலத் தெருக்காரர்கள் எட்டரைக்கே வந்து மந்தையில் உட்கார்ந்துவிட்டு, ஒன்பதரைக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊருக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் 62 பேர்.

முன்பு தண்டோரா போட்டார்கள். அந்த இழிவு 2022-இல் அரசு உத்தரவால் நின்றது நல்லதே. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருந்தது: முக்கில் நின்று, முதலில் பறையொலி, காது திரும்பிய பிறகு சேதி. வண்டிக்கு மாறியபோது நிற்பதையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

எனவே ஆகஸ்டு 15 கூட்டத்துக்குக் கீழ்க்கண்ட வாசகத்தை அனுமதிக்க வேண்டுகிறேன்:

கிராம சபை! கிராம சபை!
சனிக்கிழமை. சுதந்திர தினம்.
காலை பதினோரு மணி. கொடியேற்றிய பிறகு.
இடம், மந்தை.
ஊராட்சிக் கணக்கு வாசிப்பார்கள்.
குடிநீர், தெருவிளக்கு பற்றிக் கேட்கலாம்.
சனிக்கிழமை. பதினோரு மணி. மந்தை.

இதில் ஒரு வரி தவறிப்போனாலும் மற்ற வரிகள் தனியாக நிற்கும். மணி காதில் விழாதவருக்குக் கொடியேற்றம் அடையாளம். நாள், நேரம், இடம் மூன்றும் கடைசியில் மறுபடி வருவதால், பாதியில் அடுப்படியிலிருந்து வெளியே வந்தவரும் தெரிந்துகொள்வார். பொருள் பட்டியல் முழுவதையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதும். வண்டியை ஓட்டிக்கொண்டே வாசிக்காமல், ஒவ்வொரு முக்கிலும் நிறுத்தி இரண்டு முறை வாசிக்கிறேன். கூலி பழையதே போதும்.

சுவரொட்டியிலும் இதே வரிகள், இதே வரிசையில் இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டி காதால் கேட்டதைப் பேரன் சுவரில் படித்துச் சொல்லும்போது இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவார். சென்ற முறை சுவரில் ‘முற்பகல் 10.30’, வண்டியில் ‘காலை பத்தரை’. நேரத்தை ‘காலை 11 மணி’ என்று ஒரே வரியில், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிட வேண்டும். நியாயவிலைக் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஆள் உயரத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். மைதாப் பசைக்காக மாடுகள் சுவரொட்டியைத் தின்றுவிடுகின்றன. சென்ற முறை மந்தையில் ஒட்டியது ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அறிவிப்பை ஏழு நாள் முன்பு ஒரு முறையும், முந்தின நாள் மாலை ஆறரை மணிக்கு, காட்டு வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு மறுமுறையும் செய்யலாம். வாசகத்தை இறுதி செய்யும் முன் என்னை அழைத்தால் மந்தையில் ஒருமுறை ஒலிக்கவிட்டு, மேலத் தெரு முனையில் ஒருவரை நிறுத்தி, அவர் கேட்டதை எழுதி வாங்கித் தருகிறேன். தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)