தை அமாவாசை வேறு, சீனப் புத்தாண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் துணுக்கு ஒன்றில், தை அமாவாசையன்றோ மறுநாளோதான் சீனப் புத்தாண்டு பிறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளைப் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். 2026இல் அந்தக் கணக்கு உதைத்துவிட்டது. தை அமாவாசை ஜனவரி 18, சீனப் புத்தாண்டோ பிப்ரவரி 17.

நம் தை, சூரியன் மகர ராசிக்குள் நுழையும்போது பிறக்கிறது. சீனப் பஞ்சாங்கம் பிடித்துக்கொள்வது ராசியை அல்ல, ஆண்டின் மிக நீண்ட இரவை. டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் அந்த நாளுக்கு டோங்ஸி என்று பெயர். சீனர்கள் அரிசி மாவு உருண்டையைப் பாகில் போட்டு உண்பார்களே, அந்த நாள்தான். டோங்ஸி எந்தச் சந்திர மாதத்துக்குள் விழுகிறதோ அதுவே பதினோராம் மாதம். இதுதான் அடிப்படை விதி. அதன் பிறகு பன்னிரண்டாம் மாதம், அடுத்த அமாவாசையில் புத்தாண்டு.

2026ஐயே போட்டுப் பார்க்கலாம். 2025 டிசம்பர் 20 அன்று அமாவாசை, மறுநாள் டோங்ஸி. ஆகவே டிசம்பர் 20இல் தொடங்கியது பதினோராம் மாதம். ஜனவரி 19இல் பன்னிரண்டாவது தொடங்கியது. பிப்ரவரி 17இல் முதல் மாதம் பிறந்தது.

தேதியின் எல்லைகளும் இதிலிருந்தே கிடைக்கின்றன. சந்திர மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். டோங்ஸி பதினோராம் மாதத்தின் முதல் நாளிலும் விழலாம், கடைசி நாளிலும் விழலாம். எனவே அந்த மாதம் நவம்பர் 22, 23 வாக்கிலிருந்து டிசம்பர் 22க்குள் என்றைக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். இரண்டு மாதத்துக்கு 59 அல்லது 60 நாளைக் கூட்டினால் ஜனவரி 21 அளவில் தொடங்கி பிப்ரவரி 20இல் முடிகிறது. 1966இல் ஜனவரி 21 அன்றும், 1985இல் பிப்ரவரி 20 அன்றும் புத்தாண்டு வந்திருக்கிறது. தை அமாவாசை ஜனவரி நடுவிலேயே வந்துவிட்டால் அது இந்த எல்லைக்குள் நுழையாது. 2026இல் நடந்தது அதுதான்.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் என்பதால் புத்தாண்டு சாதாரணமாக 11 நாள் முன்னே நகரும். எல்லையைத் தாண்டிவிடாதபடி, இந்தியச் சந்திரப் பஞ்சாங்கங்களில் உள்ளது போலவே ஓர் அதிக மாதத்தைச் செருகுகிறார்கள். அப்படிச் செருகிய ஆண்டுக்கு அடுத்து வரும் புத்தாண்டு 19 நாள் போலப் பின்னே போகும். பெரும்பாலும் இந்த மாதம் ஆண்டின் நடுவில் வரும். 2033இன் இறுதியில் மட்டும் அது பதினோராம் மாதத்தை ஒட்டியே வருகிறது. ஆகவே டோங்ஸிக்குப் பின் வரும் இரண்டாவது அமாவாசைதான் புத்தாண்டு என்று பலரும் சொல்லும் குறுக்குவழி 2034இல் பொய்க்கும். அந்த ஆண்டு மூன்றாவது அமாவாசையில், பிப்ரவரி 19 அன்றுதான் புத்தாண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீன முறையில் சூரிய உதயத்தில் என்ன திதி என்ற பேச்சே கிடையாது. நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள். அமாவாசைக் கணம் எந்தத் தேதியில் விழுகிறதோ அந்தத் தேதியே மாதத்தின் முதல் நாள். அதனால் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். வியட்நாமியரின் தெத் புத்தாண்டுக்கும் விதி இதேதான், ஆனால் அவர்களுடைய கடிகாரம் பெய்ஜிங்கை விட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது.

1984இல் அந்த ஒரு மணி நேரம் பெரிய வேலை செய்தது. டோங்ஸிக் கணம் பெய்ஜிங்கில் டிசம்பர் 22 நள்ளிரவு கடந்து 23 நிமிடம். ஹனோயில் அப்போது டிசம்பர் 21 இரவு 11:23. அமாவாசை இரண்டு ஊரிலும் டிசம்பர் 22 மாலைதான். சீனாவில் இரண்டும் ஒரே தேதி என்பதால் டிசம்பர் 22 பதினோராம் மாதத்தின் முதல் நாளாயிற்று. வியட்நாமில் டோங்ஸி முந்தைய மாதத்தின் கடைசி நாளில் விழுந்துவிட்டதால், டிசம்பர் 22 பன்னிரண்டாம் மாதத்தின் முதல் நாள். விளைவு, 1985இல் தெத் ஜனவரி 21, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20.

இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். ஒரு நாள் வித்தியாசம் அவ்வப்போது வரும்: 2007இல் வந்தது, 2030இலும் வரும். 2030இல் அமாவாசை ஹனோயில் பிப்ரவரி 2 இரவு 11 மணியைத் தாண்டி நிகழ்கிறது, பெய்ஜிங்கிலோ அது பிப்ரவரி 3. எதிர்காலத் தேதியைத் துணுக்கில் போடும்போது எந்த நாட்டுப் புத்தாண்டு என்பதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பினாங்கு