மருமகனின் எண் 3 அல்ல, 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு திகதிகளும் கிடைத்தன. கிளிநொச்சி ஐயர் பஞ்சாங்கம் பார்த்துத் தந்த நாட்களில் 2026 ஓகஸ்ட் 30 வேண்டாம், எண்சாத்திரப்படி மாப்பிள்ளையின் எண் 4 என்பதால் அதே எண்ணில் வரும் செப்ரெம்பர் 13ஐ எடுப்போம் என்று பெண் வீட்டார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவன் பிறந்தது 12 என்றும், ஆகவே அவனுடைய எண் 3 என்றும் நீங்கள் வாதிட்டதாகவும் அறிந்தேன். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

புதுக்குடியிருப்பில் அவன் பிறந்த இரவு நானும் அங்கே இருந்தேன். மின்சாரம் இல்லாத காலம். ஜாம்போத்தல் விளக்கைக் கைக்கடிகாரத்துக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு மணி பத்து நிமிடம் என்று மருத்துவிச்சி சொல்ல, அம்மா அதைக் கொப்பியில் ‘ஞாயிறு இரவு’ என்று எழுதி வைத்தார். அம்மா எழுதியதில் பிழையில்லை. பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்த பிறகுதான் மறுநாள் என்பதால், சாதகத்துக்கு அது ஞாயிறுதான். எண்சாத்திரமோ ஆங்கிலத் திகதியை எடுப்பது. அதற்கு நள்ளிரவு 12 மணியுடன் நாள் மாறிவிடும். ஆகவே பிறப்புச் சான்றிதழில் உள்ள 1994 ஜூன் 13, திங்கட்கிழமை என்பதே சரி. (இடம்பெயர்வுகளில் சான்றிதழ் தொலைந்து, பின்னர் உத்தேசமாக வயது பதியப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கையே நம்பிப் பார்க்க முடியாது, அந்த வகையில் நாங்கள் பாக்கியசாலிகள்.)

13ஐக் கூட்டினால் 4, அது அவனுடைய பிறவி எண். நாள், மாதம், ஆண்டு முழுவதையும் கூட்டினால் 33, அதைச் சுருக்கினால் 6, அது விதி எண். பெண் 1998 மார்ச் 24இல் பிறந்தவள். அவளுக்குப் பிறவி எண் 6, விதி எண் 9. நீங்கள் 12 என்று பிடிவாதமாக நின்றிருந்தால் அவனுடைய விதி எண் 5 ஆகி, பெண்ணின் 6உடன் உள்ள இந்தப் பொருத்தத்தை நீங்களே கெடுத்திருப்பீர்கள்.

இனி நாளுக்கு வருவோம். தன் எண்ணில் வரும் நாள் நல்லது என்பது பொதுவிதிதான். ஆனால் 4இலும் 8இலும் பிறந்தவர்களுக்கு அந்த எண்களில் வரும் நாட்களைத் தவிர்க்கச் சொல்வதே இந்தச் சாத்திரத்தில் பெரும்பாலானோரின் வழக்கம். பெண் வீட்டுச் சாத்திரியார் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஓகஸ்ட் 30இன் நாள் எண் 3. மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் 21, அதுவும் 3. 3, 6, 9 மூன்றும் ஒன்றுக்கொன்று நட்பு எண்கள் என்பதால், பெண்ணின் இரண்டு எண்களுக்கும் மருமகனின் விதி எண்ணுக்கும் அந்த நாள் பொருந்துகிறது. அவனுடைய 4 மட்டும் இதில் சேராது. அதை மறைக்க வேண்டாம், அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஐயர் தராத மூன்றாவது திகதி ஒன்றை எண்ணுக்காகத் தேடி யாரும் புறப்பட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், சான்றிதழின் பிரதியைச் சம்பந்திக்குக் காட்டிப் பேசுங்கள்.

அன்புடன்,
தம்பி