பொருள்: யாழ்ப்பாணம் போர்டிங், விடுதி வாடகை ஒப்பீட்டுப் பட்டியல் பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முள்ளியவளையில் இருக்கிறேன். என் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள். பல்கலைக்கழக விடுதி கிடைக்காதபடியால் வாடகைக்கு இடம் காட்டித் தருகிற உங்கள் அலுவலகத்தில் 5,000 ரூபா கட்டிப் பதிந்து, நீங்கள் தந்த திருநெல்வேலி, கலட்டி, கொக்குவில் பட்டியலைப் பார்த்துத்தான் இடம் எடுத்தோம். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்பது தரம் ரெலிபோன் எடுத்து, மூன்று தரம் நேரில் வந்து, ஒரு பதிலும் கிடைக்காதபடியால் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியல் குறைந்த வாடகையிலிருந்து கூடிய வாடகைக்கு வரிசையாகப் போகிறது. முதலில் நின்றது கலட்டி வீடு: மூவர் அறை, 9,000 ரூபா, சாப்பாடு இல்லை, கரண்ட் தனி, அட்வான்ஸ் 3 மாதம். கடைசிக்குக் கிட்ட நின்றது பரமேஸ்வராச் சந்திப் பக்கம் உள்ள பெண்கள் விடுதி: நால்வர் அறை, சாப்பாட்டோடு 19,500, கரண்ட் உள்ளடக்கம், அட்வான்ஸ் 10,000. எந்தத் தகப்பனும் எதை எடுப்பான்? நானும் 9,000 ரூபாவைத்தான் எடுத்தேன்.

அந்த வீட்டில் ரைஸ் குக்கர், ஹீட்டர் ஒன்றும் போடக்கூடாது. அது பட்டியலில் இல்லை. காலையும் இரவும் கடைச் சாப்பாடு, ஒரு நாளைக்கு 500 ரூபா, மாதம் 15,000. மதியம் எங்கே இருந்தாலும் கன்ரீனில்தான் சாப்பிடுவாள், அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாடகை 9,000, சாப்பாடு 15,000, அவள் பங்குக் கரண்ட் காசு 1,050. மொத்தம் 25,050. விடுதியிலோ காலையும் இரவும் சாப்பாடு, கரண்ட் எல்லாம் அடங்க 19,500. உங்கள் பட்டியலின் மிக மலிவான இடம் மாதம் 5,550 ரூபா கூட விழுங்கியது. நாலு மாதத்தில் 22,200. இந்தத் தொழிலே செய்கிற உங்களுக்கு இந்தக் கூட்டல் தெரியாமலா இருக்கும்?

உங்கள் அலுவலகத்தில் முன்மேசையில் இருக்கிற தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதே கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "ஐயா, ஒன்பதாயிரத்துக்கு மாளிகையே கேக்கிறியள்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளும் பக்கத்தில்தான் நின்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் மாளிகை கேட்கவில்லை. காசு கட்டிப் பெற்ற பட்டியலில் உண்மை கேட்டேன்.

கரண்ட் காசுக்கு வருகிறேன். வீட்டுக்காரர் அறைக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு 75 ரூபா எடுக்கிறார். ஒரு மாதம் அறைக்கு 42 யூனிட், 3,150 ரூபா, மூன்றாகப் பிரித்தால் 1,050. மூன்றாவது மாதம் ஒரு பிள்ளை விட்டுப் போனதும் அதே காசு இரண்டாகப் பிரிந்து 1,575 ஆனது. வீட்டு மெயின் பில்லைக் காட்டும்படி கேட்டேன். தயங்கித்தான் காட்டினார். 310 யூனிட், 14,880 ரூபா. வகுத்தால் யூனிட் 48 ரூபாதான் வருகிறது. மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லாருக்கும் தெரியும். யூனிட் கூடக் கூட அடுத்த படியின் விலை கூடும். 180 யூனிட்டுக்கு மேல் போனால்தான் உச்சப் படி. நாலு அறையும் வீட்டுக்காரர் குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடும்போது பில் அந்தப் படியைத் தொடத்தான் செய்யும். ஆனால் கடைசிப் படியில் விழுந்த யூனிட்டுகளுக்கு மட்டுமே அந்த விலை. பிள்ளைகளிடம் முதல் யூனிட்டிலிருந்தே 75 ரூபா எடுக்கப்படுகிறது. "கரண்ட் தனி" என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது. யூனிட் என்ன விலை, மெயின் பில் காட்டுவார்களா என்று இரண்டு கேள்வி கேட்டு எழுத உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இடையில் அந்த வெள்ளிக்கிழமை. அட்வான்ஸ் பற்றிக் கதைக்க வரச்சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்துதான் நாள் தந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, விடிய ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, பரந்தனில் மாறி வந்து இறங்கினால் கதவு பூட்டு. அன்று போயா. நாள் தந்தவருக்குக் கலண்டர் பார்க்கத் தெரியாதா? ரெலிபோன் எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. வெறுங்கையோடு வீடு போய்ச் சேர இரவு எட்டரை.

அட்வான்ஸ் கதை இன்னும் மோசம். பட்டியலில் "3 மாதம்" என்று மட்டும் இருந்தது. 27,000 கொடுத்தோம். நாலாம் மாத முடிவில் மகளை அந்த விடுதிக்கே மாற்றியபோது வீட்டுக்காரர் 9,000 மட்டும் தந்தார். ஒரு மாதத்துக்கு முன் அறிவிக்கவில்லை என்று ஒரு மாதக் காசு, ஆறு மாதம் இருக்கவில்லை என்று இன்னொரு மாதக் காசு வெட்டினார். திருப்பித் தருகிற அட்வான்ஸா, கடைசி மாத வாடகையில் கழிகிற அட்வான்ஸா, எந்த நிபந்தனையில் வெட்டுவார்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. விடுதிக்கு மட்டும் "திருப்பித் தரப்படும்" என்று எழுதியிருக்கிறது. ஆக, எழுதத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றையும் இப்போதுதான் கண்டுபிடித்தேன். அதே பட்டியலில் கொக்குவில் வீடு ஒன்று "இருவர் அறை 18,000" என்று இருந்தது. விலை கூட என்று தள்ளிவிட்டோம். அது அறைக்கான வாடகை, ஆளுக்கு 9,000தான். மூவர் அறைக்குப் போட்டிருந்தது தலைக்கான வாடகை. இரண்டையும் ஒரே நிரலில் போட்டு வரிசைப்படுத்தினால் பார்க்கிறவர் எப்படி ஒப்பிடுவது? அறைக்கு வாடகை என்றால் கூட இருக்கிற பிள்ளை விட்டுப் போகும்போது 18,000மும் மிச்சப் பிள்ளையின் தலையில் விழும். அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விடுதி நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. "சாப்பாட்டோடு" என்று போட்டீர்கள். ஞாயிறு இரவுச் சாப்பாடு இல்லை, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் சாப்பாட்டுக் காசு குறையாது. அதுவும் அங்கே போய்த்தான் தெரிந்தது.

22,200, வெட்டிய 18,000, உங்களுக்குக் கட்டிய 5,000. கூட்டினால் 45,200 ரூபா. பஸ் காசு, இழந்த கூலி எல்லாம் இதற்கு மேல். இந்த அலைச்சலில் மகளின் முதல் வருடமே பாழாய்ப் போயிற்று.

உங்களைத் தயவாகக் கேட்கிறேன். என் 5,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். அந்த 18,000 பற்றி வீட்டுக்காரரோடு நீங்கள் கதையுங்கள், அவரைக் காட்டியது நீங்கள். பட்டியலில் தலைக்கா அறைக்கா, எந்த வேளைச் சாப்பாடு, யூனிட் என்ன விலை, அட்வான்ஸ் எப்போது வெட்டப்படும் என்று எழுதுங்கள். அந்தத் தம்பி என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்றிலிருந்து 14 நாள் பொறுப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடுவேன். உங்கள் பட்டியல், மெயின் பில்லின் படம், அட்வான்ஸ் ரசீது மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், இன்னொரு தரம் நேரில் வரச் சொல்லாதீர்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் பதிவு செய்த ஒரு தகப்பன்,
முள்ளியவளை.